கோலத் தட்டு: பிளைவுட்டா, தகரமா, அலுமினியமா? நம்ம வடசென்னை வாசலுக்கு எது தாங்கும்

காலைல ஆறு மணி ட்ரெயினப் புடிக்கணும், புள்ளைங்களுக்கு டிபன் கட்டணும், தண்ணி லாரி வேற எந்த நேரமும் வரும், இந்த மாதிரி நாள்ல வாசல் தெளிச்சுட்டு பெயிண்ட்ல கோலம் போட்ட தட்டு ஒண்ண எடுத்து வெச்சுட்டுப் போறவங்க இப்ப நிறைய பேர். இத கடைல வாங்குறத விட வீட்லயே பண்ணிக்கலாம்னு கெளம்பறப்ப முதல்ல வர்ற கேள்வி மரத்துல பண்றதா, மெட்டல்ல பண்றதான்னுதான். பொதுவா எல்லாரும் அழக வெச்சு முடிவு பண்றாங்க. நான் சொல்ல வர்றது, அழகு ரெண்டுலயும் ஒண்ணுதான், மேல இருக்கறது பெயிண்ட்தான, அதனால உங்க வாசல்ல தெளிக்கிற தண்ணி எங்க போகுது, எவ்ளோ நேரம் நிக்குது, அத பாத்து முடிவு பண்ணுங்க. மரம் ஓரத்துலருந்து கெட்டுப் போகும், மெட்டல்ல பெயிண்ட் உரிஞ்சு கெட்டுப் போகும். உங்க வாசல்ல இந்த ரெண்டுல எத தடுக்கறது சுலபமோ அதத்தான் எடுக்கணும்.

மொதல்ல சைஸ் பேசிடலாம், ஏன்னா வெயிட்டும் கணக்கும் அதுலதான் இருக்கு. நம்ம பக்கம் ராயபுரம், தண்டையார்பேட்ட, பழைய வண்ணாரப்பேட்டன்னு எங்க பாத்தாலும் வாசல் மூணடி அகலம்தான், படி நேரா தெருவுல எறங்கும், அதுலயே ஒரு ஓரமா செருப்பு, ஒரு ஓரமா குடம். ரெண்டடி தட்டெல்லாம் வெச்சா யாராவது மிதிச்சுட்டேதான் உள்ள வரணும். 18 இன்ச் ரவுண்டு சரியா இருக்கும். இந்த சைஸ்ல 12 எம்எம் பிளைவுட் கிட்டத்தட்ட ஒண்ணரை கிலோ வரும். 1.2 எம்எம் தகரமும் அதே ஒண்ணரை கிலோதான் வரும், மெட்டல்னா கனமா இருக்கும்னு நெனைக்கிறவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்கும், ஆனா கணக்கு அதுதான். 2 எம்எம் அலுமினியம் ஒரு கிலோவுக்கும் கம்மி. வயசானவங்க தினம் குனிஞ்சு எடுத்து வெக்கற வீடுன்னா இந்த அரை கிலோ வித்தியாசம் இடுப்புக்குத் தெரியும்.

இப்ப மரம். மரம்னு சொன்னாலே கடைக்காரர் முதல்ல எடுத்துக் காட்டறது எம்டிஎஃப், அதுதான் வழவழன்னு இருக்கும், விலையும் கம்மி. அத வாசலுக்கு எடுக்கவே எடுக்காதீங்க. அது மர நார அழுத்தி ஒட்டின பலகை, ஓரத்துல தண்ணி பட்டா ஊறி உப்பிடும், ஒரு தடவ உப்பினா காய வெச்சாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. பூஜை ரூம்ல, ஹால்ல வெக்கறதுக்கு ஓகே. வீட்ல பழைய மாமர மணையோ பலா மணையோ இருந்தா அது அருமையான பொருள், கீழ ரெண்டு சட்டம் அடிச்சு ஏற்கனவே தரையிலருந்து தூக்கித்தான் இருக்கும், ஆனா முழு மரம்ங்கறதால ஈரத்துக்கு விரியும் வெயிலுக்குச் சுருங்கும், நார் ஓடற வாக்குல மெல்லிசா வெடிப்பு விடும், பெயிண்ட் அந்த கோட்லயே கீறும். கூரைக்கு உள்ள இருக்கற வாசலுக்கு மட்டும் மணை.

அதனால மரத்துல உண்மையான போட்டியாளர் பிளைவுட்தான், அதுலயும் பிடபிள்யூபி கிரேடு, ஐஎஸ் 710 முத்திரை போட்டது, கடைல மரைன் பிளைன்னு கேட்டா புரியும். சாதாரண கமர்ஷியல் பிளைக்கும் இதுக்கும் முக்கிய வித்தியாசம் நடுவுல இருக்கற பசைல, இதுல போடற பீனால் பசை 72 மணி நேரம் கொதிக்கற தண்ணில வெச்சும் பிரியாம இருக்கணும்னு அந்த ஐஎஸ் தரமே சொல்லுது. முழு ஷீட்டு வாங்க வேணாம். கிச்சன் கப்போர்டு வேல நடக்கற வீட்டு கார்பெண்டர்கிட்ட வெட்டு பீஸ் இருக்கான்னு கேளுங்க, பதினெட்டு இன்ச் பீஸ் அவங்களுக்கு வேஸ்ட்டுதான். வாங்கறப்ப விரல் முட்டியால ரவுண்டா தட்டிப் பாருங்க, ஒரு எடத்துல மட்டும் பொள்ளுன்னு சத்தம் வந்தா உள்ள இடைவெளி இருக்கு, அங்க தண்ணி தங்கும், வேற பீஸ் கேளுங்க. நம்பிக்கை இல்லன்னா வெட்டின துண்டுல ஒரு சின்ன பீஸ அடுப்புல மூணு நாலு மணி நேரம் கொதிக்க விடுங்க, அடுக்கு அடுக்கா வந்துடுச்சுன்னா அது மரைன் பிளை இல்ல. 6 எம்எம் எடுக்காதீங்க, அது வளைஞ்சிடும்.

பிளைவுட்ல உயிர் ஓரத்துலதான் இருக்கு. மேல் பக்கம் பெயிண்ட் அழகா நிக்கும், ஆனா வட்டமா வெட்டின ஓரத்துல நாரோட வாய் எல்லாம் தெறந்து இருக்கும், அது தண்ணிய உறிஞ்சும். நிறைய பேர் மேல நாலு கோட்டிங் குடுத்துட்டு ஓரத்துல பிரஷ்ஷ ஒரு இழுப்பு இழுத்து விட்டுடறாங்க, அப்புறம் மழைக்காலம் முடிஞ்சதும் பாத்தா ஓரம் தடிச்சு, கைய ஓட்டினா கோடு கோடா தட்டுப்படும், அதுதான் தண்ணி உள்ள போனதுக்கு அடையாளம். ஓரத்த 120 நம்பர் சாண்ட் பேப்பர்ல தேச்சு, ரெண்டு டியூப் கலந்து ஒட்டற எபாக்ஸி பசைய பழைய ஏடிஎம் கார்டால மெல்லிசா வழிச்சு ரெண்டு தடவ ஓரம் பூரா தடவுங்க. அது காஞ்சப்புறம் 220 பேப்பர், அப்புறம் வெள்ளை வுட் பிரைமர், மேல் பக்கம் கீழ் பக்கம் ரெண்டுலயும். கீழ யார் பாக்கப் போறான்னு விட்டா ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிச்சு தட்டு கிண்ணம் மாதிரி வளையும். எங்க பக்கம் கடல் காத்துல காயறதுக்கு லேட் ஆகும், அதனால டப்பால ஆறு மணி நேரம்னு போட்டிருந்தாலும் ஒரு ராத்திரி முழுக்க விட்டுட்டு அடுத்த கோட்டிங் போங்க.

பிரைமர் மேல வீட்டு வெளிச்சுவத்துக்கு அடிச்சு மீந்த எமல்ஷன் இருந்தா அதுவே போதும், வெயிலுக்கும் மழைக்கும்னு பண்ணினதுதான் அது, பளபளப்பும் இல்லாம இருக்கும். கலர் காவியா எடுங்க. காவி மேல வெள்ளைக் கோடு வந்தாதான் தெளிச்ச மண்ணுல கோலம் போட்ட மாதிரி தெரியும், நீலம் பச்சைன்னு அடிச்சா ஏதோ டீக்கடை ட்ரே மாதிரி போயிடும், இது என்னோட அபிப்ராயம்தான் ஆனா அழுத்தியே சொல்றேன். கோட்டுக்கு வெள்ளை அக்ரிலிக். மேல தண்ணில கரைக்கற பியூ கிளியர் கோட் ரெண்டு தடவ. ஆயில் பியூ அடிச்சா கொஞ்ச நாள்ல வெள்ளைக் கோடெல்லாம் மஞ்சளா மாறிடும், கோலத்துக்கு அது பெரிய கொறை.

இப்ப மெட்டலுக்கு வரேன். கைல கெடைக்கறது நாலு. சாதா இரும்புத் தகடு, ஜிஐ தகரம், அலுமினியம், அப்புறம் வீட்லயே கெடக்கற எவர்சில்வர் தாம்பாளம். எவர்சில்வர்ல பெயிண்ட் அடிக்கறது ரொம்ப பேர் பண்றது, அது ரொம்ப வழவழப்பு, பெயிண்ட் புடிக்க எடமே இருக்காது, நகத்தால கீறினா பட்டை பட்டையா வரும், அந்த தாம்பாளத்த வெத்தல பாக்குக்கே வெச்சுக்கங்க. இரும்பு காசிமேடு, திருவொத்தியூர் மாதிரி கடலோர எடத்துக்கு ஆகாது. பெயிண்ட்ல ஒரு கீறல் விழுந்தா அதுக்குள்ள உப்புக் காத்து பூந்து துரு பெயிண்டுக்கு அடியிலயே பரவும், மேல கொப்புளம் மாதிரி எழும்பறப்பதான் நமக்கே தெரியும், அதுக்குள்ள தரைல பழுப்பு வட்டம் வேற விழுந்திருக்கும், மொசைக்ல விழுந்த துருக் கறை லேசுல போகாது.

ஜிஐ தகரம் துருவுக்கு நல்லது, மேல துத்தநாகப் பூச்சு இருக்கு. ஆனா அந்த துத்தநாகமே பெயிண்டுக்கு எதிரி. கடைல கெடைக்கற சாதா சிந்தெடிக் எனாமல்ல எண்ணெய் இருக்கு, அந்த எண்ணெயும் துத்தநாகமும் ஈரத்துல சேந்து பெயிண்டுக்கு அடியில சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும், அப்புறம் பெயிண்ட் தாள் உரியற மாதிரி உரியும். புதுசா அடிச்சப்ப சூப்பரா இருந்துச்சு, சில மாசத்துல மொத்தமா கழண்டு வந்துடுச்சுன்னு ஜிஐ தட்டு வெச்சவங்க சொல்றதுக்கு காரணம் இதுதான், பெயிண்ட் கம்பெனிய மாத்தினா சரியாகாது. நடுவுல எட்ச் பிரைமர்னு ஒண்ணு வேணும், அது மெட்டல லேசா அரிச்சு புடிச்சுக்கும். அலுமினியத்துக்கும் இதே எட்ச் பிரைமர்தான். ரெண்டுக்கும் ஒரே வேல பண்ணனும்னா நான் அலுமினியத்ததான் சொல்லுவேன், வெயிட் கம்மி, செவப்புத் துரு வராது. ரொம்ப உப்பு பட்டா கீறின எடத்துல வெள்ளையா மாவு பூக்கும், அது வளர்றது ரொம்ப மெதுவா.

எட்ச் பிரைமர் தனியா வாங்கி கலக்கறதெல்லாம் வீட்ல பண்றது கஷ்டம், நெடியும் ஜாஸ்தி. நேரா பைக் பெயிண்ட் அடிக்கற பட்டறைக்கு எடுத்துட்டுப் போங்க. பைக் டேங்குக்கு அடிக்கற அதே வரிசைல எட்ச் பிரைமர், மேல காவி கலர் மேட் ஃபினிஷ்னு சொன்னா வேற வண்டி வேலையோட சேத்து அடிச்சுக் குடுத்துடுவாங்க. குடுக்கறதுக்கு முன்னாடி 320 எமரி பேப்பர்ல தகட்ட நல்லா தேச்சு தின்னர் போட்டு தொடச்சுடுங்க, அதுக்கப்புறம் வெறுங்கையால மேல தொடாதீங்க, கை எண்ணெய் பட்டா அந்த எடத்துல பெயிண்ட் நிக்காது. பெயிண்டுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடியே ஓரத்த தகடு வெட்டற பட்டறைல மடிச்சு வாங்கணும், இல்லன்னா அரம் போட்டு உருட்டியாவது வாங்கணும், வெட்டின தகடு ஓரம் கால் விரல கிழிச்சுடும், நம்ம வாசல்ல எல்லாரும் செருப்ப கழட்டிட்டு வெறுங்கால்லதான் வர்றோம்.

பெயிண்ட் உண்மையா புடிச்சிருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு. பின்பக்கத்துல பிளேடால குறுக்கும் நெடுக்குமா சின்ன சின்ன கட்டமா கீறி, மேல செல்லோ டேப்ப அழுத்தி ஒட்டி சர்ருன்னு ஒரே இழுப்பா இழுங்க. கட்டத்துலருந்து பெயிண்ட் டேப்போட வந்துச்சுன்னா கோலம் போடறதுக்கு முன்னாடியே திருப்பிக் குடுத்துடலாம், கோலம் போட்டப்புறம் தெரிஞ்சா ஒரு சாயங்கால உழைப்பு போச்சு.

எங்க அண்ணி வீட்டு கணக்க சொல்றேன், அதுல எல்லாமே வந்துடும். தண்டையார்பேட்டைல கீழ் வீடு, ரெண்டு படி, மேல சன்ஷேட் ஒரு அடிதான் நீட்டும், காலைல அடி பம்ப் தண்ணிய பக்கெட்டோட ஊத்தித்தான் கழுவுவாங்க, அந்த தண்ணியும் உப்பு. அண்ணிக்கு காலைல ஷிப்ட், அவங்க மாமியாருக்கு கண்ணு சரியா தெரியாது. அண்ணி பிளைவுட்தான் கேட்டாங்க, மரம்னா ஒரு லட்சணம்னாங்க. நான் அலுமினியம்னு நின்னதுக்கு முதல் காரணம் தண்ணி இல்ல, மாமியார். 12 எம்எம் பலகைக்கு அடியில 5 எம்எம் ரப்பர் புஷ் வெச்சா மொத்தம் 17 எம்எம், கிட்டத்தட்ட முக்கால் இன்ச்சு, கால் இடற சரியான ஒசரம் அது. அலுமினியம்னா புஷ்ஷோட சேத்தே 7 எம்எம்தான். ரெண்டாவது காரணம்தான் தண்ணி, பக்கெட்டோட ஊத்தற வாசல்ல ஈரம் நின்னுட்டே இருக்கும், ஓரத்த எவ்ளோ அடைச்சாலும் பிளைவுட்டுக்கு அது தெனம் பரீட்சை.

புஷ் இல்லாம தரையோட தரையா வெக்கலாமேன்னு தோணும். வெக்கக் கூடாது. அடியில சிக்கின தண்ணி காயாது, மரத்துல பூஞ்சை வரும், மெட்டல்ல பெயிண்ட் கொப்புளிக்கும், தட்டும் வழுக்கிட்டு ஓடும். அண்ணி தட்டுக்கு நடுவுல ஒண்ணு, சுத்தி ஆறுன்னு ஏழு புஷ், ஏன்னா 2 எம்எம் தகட்டுல யாராவது தெரியாம ஏறிட்டா நடுவுல தாங்கல் இல்லன்னா குழி விழுந்துடும், டங்குன்னு சத்தமும் வரும். ஸ்க்ரூ போடல. அலுமினியத்துல ஸ்டீல் ஸ்க்ரூ போட்டு உப்புத் தண்ணி பட்டா ஸ்க்ரூவ சுத்தி அலுமினியம் அரிச்சுப் போகும். செருப்பு தைக்கறவர்கிட்ட இருக்கற பசைய ரெண்டு பக்கமும் தடவி பத்து நிமிஷம் காய விட்டு அழுத்தி ஒட்டினாரு அண்ணன், நல்லா நிக்குது. பிளைவுட்னா ஸ்க்ரூ போடலாம், ஆனா ஓட்டைக்குள்ள எபாக்ஸி ஒரு சொட்டு விட்டுட்டு போடணும், இல்லன்னா அந்த ஓட்டை வழியாவே தண்ணி உள்ள போகும்.

கோலம் 7 புள்ளி, ஊடு புள்ளி 4 வரைக்கும், மொத்தம் 37 புள்ளி. இந்த கோலம் வட்டத் தட்டுக்குன்னே அமைஞ்ச மாதிரி, ஏன்னா வெளிப்புள்ளிய எல்லாம் சேத்தா அறுகோணம் வரும். நடுவுல ஆணி இல்லாம ஒரு டேப் துண்டு ஒட்டி அதுல காம்பஸ் முனைய வெச்சு 6 இன்ச்சுல ஒரு வட்டம் போட்டோம், அதே 6 இன்ச்ச காம்பஸ்ல மாத்தாம வட்டத்து மேலயே சுத்தி குறிச்சுட்டு வந்தா சரியா ஆறு மூலை கெடைக்கும். ஆறு மூலையையும் ஸ்கேல்ல சேத்து ஒவ்வொரு பக்கத்தையும் 2 இன்ச் 2 இன்ச்சா மூணாப் பிரிச்சா வெளிப்புள்ளி வந்துடுச்சு, பக்கத்துக்கு இணையா மூணு திசையிலயும் எதிர் எதிர் புள்ளிய சாக்பீஸ்ல இணைச்சா உள்புள்ளி எல்லாம் கோடு வெட்டற எடத்துல தானா விழும். வெளிய மூணு இன்ச் காவி மீதி இருக்கும், அதுவே பார்டர். கோடு 6 எம்எம் தடிமன் இருக்கணும், அதுக்கு மெல்லிசா போட்டா நின்னு பாக்கறப்ப தெரியாது.

கோட்ட பிரஷ்ல இழுக்கறத விட மெஹந்தி கோன்ல அக்ரிலிக் பெயிண்ட்ட ஊத்தி புழிஞ்சா கை பழகின கோலக் கோடு மாதிரியே தடிமனா மேல எழும்பி நிக்கும், அழகுன்னா அதுதான் அழகு. பிளைவுட்ல எமல்ஷன் மேல நான் கண்ண மூடிட்டு அத சொல்லுவேன். ஆனா அண்ணி தட்டுல பைக் பெயிண்ட், அது மேல அக்ரிலிக் சரியா ஒட்டாது, எழும்பின கோடு துண்டு துண்டா பேந்து வரும், அதனால வெள்ளை எனாமல சொட்டு டர்பெண்டைன் விட்டு எளக்கி மெல்லிய நீள முடி பிரஷ்ல இழுத்தாங்க, கோடு வர்ற எடத்த மட்டும் முன்னாடியே 400 பேப்பர்ல லேசா தேச்சு விட்டோம். கோன் கோடு வேணும்ங்கறவங்களுக்கு பிளைவுட்தான் வழி, இந்த ஒரு விஷயத்துல மரம் ஜெயிக்குது, நான் மறுக்க மாட்டேன்.

அதனாலதான் திருவொத்தியூர்ல மூணாவது மாடி பிளாட்ல இருக்கற சிநேகிதிக்கு நான் சொன்னது நேர் எதிர். அவ வாசல் உள்காரிடார், மழை வராது, ஈரத்துணில தொடச்சு விடறதோட சரி, தரை வழவழ டைல்ஸ். அங்க பிளைவுட்தான், கோன் கோட்டோட, நிம்மதியா பல வருஷம் வரும். டைல்ஸ்ல மெட்டல் வெச்சா கதவு தெறக்கறப்ப எல்லாம் இடிச்சு சத்தம் கேக்கும், பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் தொல்லை. அண்ணி வாசல் மாதிரி தெருவுல இருக்கற வாசலுக்கு இன்னொண்ணும் யோசிக்கணும், மத்தியானம் வெளிய வெச்சிருக்கற மெட்டல் தட்ட காயலான் கடைக்குன்னு யாராவது தூக்கிட்டுப் போற வாய்ப்பு உண்டு, மேல் வெயில்ல சுட்டு கால் வைக்க முடியாமயும் போகும். அண்ணி வேலைக்கு கெளம்பறப்ப வெச்சுட்டு, மாமியார் பத்து மணி வாக்குல எடுத்து கதவுக்குப் பின்னாடி நிக்க வெச்சுடறாங்க.

எப்படியும் எடுத்துத்தான் ஆகணும். மாவுக் கோலம் கால் பட்டு சாயங்காலத்துக்குள்ள தானா கலைஞ்சுடும், தட்டு கலையாது, நாம எடுக்கலன்னா நேத்து கோலம் இன்னிக்கும் நிக்கும். அமாவாசை, திதி நாள்ல நம்ம வீடுகள்ல கோலம் போடறதில்ல, அன்னிக்கு தட்டும் வெளிய வரக் கூடாது, வீட்ல யாருக்கு தட்டு வெக்கற வேலையோ அவங்களுக்கு இத சொல்லி வெக்கணும், புள்ளைங்க பழக்கத்துல வெச்சுடும். வைக்கற எடம் நடைபாதைக்கு நேரா இல்லாம செவுத்து ஓரமா, நிலைப்படிக்கு பக்கத்துல. மிதி படாது, பெயிண்டும் தேயாது. மார்கழில மட்டும் அண்ணியே தட்ட உள்ள வெச்சுட்டு கையாலதான் போடறாங்க, அந்த மாசம் ஷிப்ட்ட மாத்திக்கறாங்க.

பராமரிப்புல ரெண்டுக்கும் ஒரே வித்தியாசம்தான். உப்புத் தண்ணி காஞ்ச வெள்ளைத் திட்டு ரெண்டுலயும் வரும், வாரம் ஒரு தடவ குடிக்கற தண்ணி தொட்ட துணியால தொடச்சா போதும், சபீனா போட்டு தேய்க்கக் கூடாது. பிளைவுட்ட ஐப்பசி மழைக்கு முன்னாடி எடுத்து ஓரத்த விரலால தடவிப் பாத்து, எங்கயாவது சொரசொரப்பு இருந்தா அந்த எடத்த வெயில்ல நல்லா காய வெச்சு தேச்சு எபாக்ஸி தடவி பெயிண்ட் தொட்டு விடணும். ஈரம் இருக்கறப்பவே அடைச்சா தண்ணி உள்ள மாட்டிக்கும், அது அடைக்காம விட்டத விட மோசம். அலுமினியத்துல கீறல் கண்ணுக்குத் தெரியறப்ப அங்க மட்டும் பெயிண்ட் தொட்டா சரியாயிடும், மழைக்காலம் வரைக்கும் காத்திருக்க வேணாம்.